தைராய்டு மிகைச் சுரப்பு: டெக்னீசியம் ஸ்கேனா, கதிரியக்க அயோடின் அப்டேக்கா?

இரத்தப் பரிசோதனையில், தைராய்டுக்கு உத்தரவிடும் ஹார்மோனான டிஎஸ்எச் 0.01-க்கும் கீழே போய், டி4 உயர்ந்திருந்தால், உடலில் தைராய்டு ஹார்மோன் மிகையாக இருக்கிறது என்பது உறுதியாகிவிடுகிறது. ஆனால் அந்த ஹார்மோன் எங்கிருந்து வந்தது என்பதை அந்தத் தாள் சொல்லாது. சுரப்பி புதிதாக, இடைவிடாமல் தயாரித்துக்கொண்டிருக்கலாம். அல்லது அழற்சியால் அதன் நுண்பைகள் சிதைந்து, முன்பே சேமித்து வைத்திருந்த ஹார்மோன் கசிந்துகொண்டிருக்கலாம். முதல் நிலைக்குத் தயாரிப்பைத் தடுக்கும் கார்பிமசோல், கதிரியக்க அயோடின், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் ஒன்று தேவைப்படும். இரண்டாவது நிலையில் தடுப்பதற்குத் தயாரிப்பே இல்லை என்பதால் கார்பிமசோலால் பயனில்லை. கதிரியக்க அயோடினையோ சுரப்பி உள்ளே வாங்கவே வாங்காது. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் ஸ்கேன் செய்கிறோம். எந்த ஸ்கேன் என்பது அடுத்த கேள்வி: டெக்னீசியம் படமா, கொடுத்த கதிரியக்க அயோடினில் எவ்வளவு பங்கைச் சுரப்பி வாங்கிக்கொண்டது என்று அளக்கும் அப்டேக்கா?

எல்லோருக்கும் இது தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்கள் பிதுங்கி, கழுத்தில் சுரப்பி இரு பக்கமும் சீராகப் பெருத்திருக்கும் ஒருவருக்கு, எதிர்ப்பொருள்கள் சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். டிஎஸ்எச் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பது உறுதியானால் அதற்கு மேல் படம் எடுக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு இரண்டு ஸ்கேன்களுமே கூடாது. அங்கே எதிர்ப்பொருள் பரிசோதனையும் டாப்ளர் அல்ட்ராசவுண்டும்தான் வழி. ஆகவே இந்த ஒப்பீடு, கண்ணில் அறிகுறி இல்லாதவர்கள், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள், கழுத்தில் கட்டி தட்டுப்படுபவர்கள் என, காரணம் தெளிவாகத் தெரியாதவர்களைப் பற்றியது.

இரண்டும் சுரப்பியிடம் கேட்கும் கேள்விகள்

தைராய்டு செல்லின் சுவரில் அயோடைடை உள்ளே இழுக்கும் ஒரு புரதப் பம்பு இருக்கிறது. உள்ளே வந்த அயோடின் பிறகு தைரோகுளோபுலின் என்ற புரதத்தோடு பிணைக்கப்பட்டு ஹார்மோனாக மாறுகிறது. இழுப்பது ஒரு படி, பிணைப்பது இன்னொரு படி. கதிரியக்க அயோடின் இரண்டு படிகளையும் கடந்து செல்வதால், அதன் அளவு சுரப்பியின் முழு உழைப்பையும் காட்டுகிறது. டெக்னீசியம்-99எம் பெர்டெக்னிடேட் அயோடைடைப் போலவே பம்பால் இழுக்கப்பட்டாலும் பிணைக்கப்படுவதில்லை. சிறிது நேரம் உள்ளே இருந்துவிட்டு வெளியேறிவிடுகிறது. ஆகவே அது முதல் படியை மட்டுமே காட்டும். இரண்டு சோதனைகளுக்கும் இடையே உள்ள பெரும்பாலான வேறுபாடுகள் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

நடைமுறையில் டெக்னீசியத்தை நரம்பில் செலுத்திய 20 நிமிடத்தில் காமா கேமராவின் கீழ் படம் எடுத்துவிடலாம். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். பீட்டா கதிர் கிட்டத்தட்ட இல்லாததால் சுரப்பிக்குக் கிடைக்கும் கதிரியக்கம் குறைவு. டெக்னீசியத்தைத் தரும் ஜெனரேட்டர் இருக்கும் எந்த அணு மருத்துவத் துறையிலும் அன்றன்றைக்குக் கிடைக்கும். அயோடின்-131-ஐ வாயால் கொடுத்து, 4 மணி நேரத்தில் ஒருமுறையும் 24 மணி நேரத்தில் ஒருமுறையும் அளக்க வேண்டும். நோயாளி இரண்டு நாள் வர வேண்டும். அதன் அரை ஆயுள் 8 நாள், பீட்டா கதிரும் உண்டு. அதனால் அப்டேக் அளவீட்டுக்கு 5 முதல் 10 மைக்ரோகியூரி வரையிலான மிகச் சிறிய அளவையே கொடுக்கிறார்கள். அந்த அளவை வைத்துக் கழுத்துக்கு முன் நிறுத்தும் புரோப் என்ற கதிர் அளக்கும் கருவியால் எண்ணலாமே தவிர, பார்க்கத் தகுந்த படம் எடுக்க முடியாது. அயோடின்-123 இரண்டுக்கும் உகந்த ஐசோடோப்புதான். அரை ஆயுள் 13 மணி நேரம், படமும் தெளிவாக வரும். ஆனால் சைக்ளோட்ரானில் தயாரிக்க வேண்டிய அது நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே இங்கே தேர்வு பெரும்பாலும், உடனே கிடைக்கும் படத்தோடு கூடிய டெக்னீசியத்துக்கும், படமில்லாமல் துல்லியமான எண்ணைத் தரும் அயோடின்-131-க்கும் இடையேதான்.

ஒரு தாயின் கழுத்து

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்க்கலாம். வயது 28, முதல் பிரசவமாகி நான்கு மாதம், குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறார். படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு. டிஎஸ்எச் 0.01-க்குக் கீழ். பக்கத்துக் கிளினிக்கில் கார்பிமசோல் 20 மில்லிகிராம் ஆரம்பித்து ஐந்து நாளாகிவிட்டது. கண்ணில் அறிகுறி இல்லை, கழுத்தில் வலியில்லை. பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு மாதத்தில் வரும் மிகைச் சுரப்புக்கு இரண்டு பெரும் காரணங்கள் உண்டு: வலியற்ற தைராய்டு அழற்சி, அல்லது புதிதாகத் தலைதூக்கிய கிரேவ்ஸ் நோய்.

இவருக்கு அயோடின்-131 அப்டேக் செய்யலாமா? கூடாது என்பேன். அயோடின்-131 தாய்ப்பாலில் கலந்து குழந்தையின் தைராய்டைச் சேரும். அதைக் கொடுத்தால் இந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பதை அடியோடு நிறுத்தியாக வேண்டும். ஒரு பரிசோதனைக்காக அந்த விலையைக் கேட்பதை நியாயப்படுத்த முடியாது. டெக்னீசியமென்றால், ஊசிக்கு முன்பே பாலைப் பிழிந்து சேமித்துவிட்டு, பிறகு 12 மணி நேரமோ, மருத்துவமனையின் வழக்கப்படி ஒரு நாள் வரையோ நிறுத்திவைத்தால் போதும். இரண்டாவது காரணம் கார்பிமசோல். அது பிணைக்கும் படியைத்தான் தடுக்கிறது, பம்பைத் தடுப்பதில்லை. ஆகவே அயோடின் அப்டேக்குக்கு அதை 3 முதல் 7 நாள் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் 24 மணி நேர எண் பொய்யாகக் குறையும். டெக்னீசியத்தின் 20 நிமிடப் படத்தை அது அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை.

அவருக்கு 3 மில்லிகியூரி டெக்னீசியம் கொடுக்கப்படுகிறது. செலுத்துவதற்கு முன் சிரிஞ்சைக் கேமராவில் எண்ணுகிறார்கள். செலுத்திய பின் காலி சிரிஞ்சையும் எண்ணுகிறார்கள். சிதைவையும் திருத்திக்கொண்ட பின் வேறுபாடு 6,00,000 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடம் கழித்து, அதே நேர அளவுக்கு எடுத்த படத்தில் தைராய்டைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, அதற்குக் கீழே உள்ள கழுத்துத் திசுவின் பின்னணி எண்ணிக்கையைக் கழித்தால் 1,800 வருகிறது. அதாவது 0.3 சதவீதம். டெக்னீசியத்துக்குப் பல துறைகள் வைத்திருக்கும் இயல்பு எல்லை ஏறத்தாழ 0.5 முதல் 4 சதவீதம். ஆனால் எண்ணைப் பார்க்கும் முன்பே படம் பேசிவிடுகிறது: தாடைக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன, பின்னணித் திசு முழுவதும் சாம்பல் படிந்ததுபோல் எழுந்து நிற்கிறது, அவற்றுக்கு நடுவே தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான ஒரு நிழல்கூடத் தெளிவாக இல்லை.

இதே தாய்க்குக் கிரேவ்ஸ் நோயாக இருந்திருந்தால் படம் நேரெதிராக இருந்திருக்கும். இரு மடல்களும் விளிம்புவரை சீராக ஒளிரும். நடுவிலிருந்து மேல் நோக்கிச் செல்லும் பிரமிடு மடல் மெல்லிய தீக்கொழுந்துபோல் தெரியக்கூடும். சுரப்பியே பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பின்னணியும் அடங்கிப்போயிருக்கும். ஏற்பு 10, 15 சதவீதம் என்று போகும். உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தைராய்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தப் படத்தைப் படிப்பதில் நான் முதலில் செய்வது. எண்ணில் எங்கேயாவது பிழை நேர்ந்திருந்தாலும் இந்த ஒப்பீடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குறைந்த எண்ணை உடனே நம்பலாமா

0.3 சதவீதம் என்ற எண் அழற்சி என்று பொருள்படுவதற்கு முன், வேறு காரணங்களை ஒதுக்கியாக வேண்டும். முதலாவது ஊசி. மருந்தின் ஒரு பகுதி நரம்புக்கு வெளியே கசிந்து முழங்கையிலேயே நின்றுவிட்டால், உண்மையில் 4 சதவீதம் இருக்க வேண்டிய சுரப்பி 2 என்று காட்டும். ஊசி போட்ட கையையும் ஒரு நிமிடம் கேமராவுக்குக் கீழ் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். படத்திலும் ஒரு குறிப்பு உண்டு: கசிந்திருந்தால் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேர்ந்தே மங்கியிருக்கும். நம் எடுத்துக்காட்டில் அவை பளிச்சென்று இருப்பதால் மருந்து இரத்தத்தில் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது என்று தெரிகிறது.

இரண்டாவது, அயோடின் வெள்ளம். சிடி ஸ்கேனுக்கோ ஆஞ்சியோகிராமுக்கோ செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் ஏராளமாக உண்டு. உடலில் சாதாரண அயோடின் நிறைந்திருக்கும்போது, நாம் கொடுக்கும் சிறு அளவு கதிரியக்க அயோடின் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். பம்பும் தன்னைத் தாழ்த்திக்கொள்வதால் டெக்னீசியமும் தப்பாது. உண்மையில் கிரேவ்ஸ் உள்ளவருக்கும் படம் அழற்சியைப் போலவே வெறுமையாக வரலாம். கான்ட்ராஸ்ட் கொடுத்த பின் வழக்கமாக 4 முதல் 8 வாரம் காத்திருப்பார்கள். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் இன்னும் கடினமானது. அதன் எடையில் 37 சதவீதம் அயோடின், கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் வெளியேறும். ஆகவே ஸ்கேன் அறையில் படுக்க வைக்கும் முன், கடந்த மூன்று மாதத்தில் என்ன ஸ்கேன், என்ன மாத்திரை, என்ன டானிக் என்று கேட்டு எழுதிக்கொள்வது கேமராவுக்கு நிகரான கருவி. இந்தத் தாய்க்குச் சிசேரியனுக்குப் பிறகு வேறு ஏதாவது சிக்கலுக்காகக் கான்ட்ராஸ்ட் சிடி எடுத்தார்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்க மறந்தால் முழு முடிவும் கவிழ்ந்துவிடும்.

மூன்றாவது, வெளியிலிருந்து வந்த ஹார்மோன். எடை குறையத் தைராக்சின் மாத்திரை விழுங்குபவரின் சுரப்பி ஓய்வில் இருக்கும். படம் வெறுமையாகவே வரும். இங்கே தைரோகுளோபுலின் அளவு பிரித்துக்கொடுக்கும்: அழற்சியில் நுண்பைகள் சிதைவதால் அது உயரும், மாத்திரையால் வந்ததென்றால் சுரப்பி அடங்கிக் கிடப்பதால் அது அடித்தளத்துக்கு இறங்கிவிடும். அமெரிக்காவில் 1984-85-இல் மினசோட்டா, தெற்கு டகோட்டா, அயோவா ஆகிய மாநிலங்களை ஒட்டிய பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இப்படி மிகைநிலை வந்தது. மாட்டின் கழுத்து இறைச்சியை வெட்டும்போது அதன் தைராய்டும் சேர்ந்து அரைக்கப்பட்டு விற்கப்பட்டதுதான் காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். சாப்பிட்டவர்கள் யாரும் மாத்திரை எடுத்தவர்கள் இல்லை.

இவை மூன்றும் இல்லையென்றால் நம் தாய்க்கு இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய அழற்சி. கார்பிமசோலை நிறுத்தலாம், படபடப்பு அடங்கும்வரை புரோப்ரனலால் போதும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. பலருக்கு இதற்கு அடுத்து ஒரு குறைச் சுரப்புக் கட்டம் வரும் என்பதால் அந்தத் தொடர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

அந்த அடுத்த கட்டத்தில்தான் இன்னொரு பொறி இருக்கிறது. அவர் மூன்று வாரத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு ஸ்கேனுக்கு வந்திருந்தால் என்ன ஆகும்? இந்த இடைவெளியில் அழற்சி தணிந்து, ஹார்மோன் இறங்கி, டிஎஸ்எச் 18 வரை ஏறியிருக்கலாம். உயர்ந்த டிஎஸ்எச் பம்பை முடுக்கிவிடும்; மீண்டெழும் சுரப்பி ஆர்வத்தோடு டெக்னீசியத்தை இழுக்கும்; ஏற்பு 6 சதவீதம், இரு மடலும் சீராக. பழைய தாளோடு சேர்த்துப் படித்தால் அது அச்சு அசலாகக் கிரேவ்ஸ் நோய்தான். அவருக்குக் கார்பிமசோலைத் தொடர்ந்தால் ஏற்கெனவே குறையத் தொடங்கிய ஹார்மோனை மேலும் குறைப்போம். ஸ்கேன் நாளுக்கு ஒரு வாரத்துக்குள் எடுத்த டிஎஸ்எச் கையில் இல்லையென்றால் அன்றைக்கே இரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை அறிக்கையை நிறுத்திவைப்பதே சரி.

கட்டியும், "இயல்பான" எண்ணும்

இனிக் கழுத்தில் கட்டி உள்ளவர்களுக்கு வருவோம். 58 வயதான ஒருவருக்கு வலப்பக்கம் 3 சென்டிமீட்டர் கட்டி, டிஎஸ்எச் 0.01-க்குக் கீழ், டி3 மட்டும் சற்று உயர்ந்திருக்கிறது. அவருக்கு அயோடின்-131 அப்டேக் மட்டும் செய்தால் 24 மணி நேர எண் 22 சதவீதம் வரலாம். இயல்பு எல்லை பொதுவாக 10 முதல் 30 வரை என்று அச்சிடப்பட்டிருப்பதால், அறிக்கையில் "இயல்பு" என்றே எழுதப்பட்டு வீடு திரும்புவார். இது தவறான வாசிப்பு. டிஎஸ்எச் இல்லாத நிலையில் நலமான ஒரு சுரப்பி உறங்கிக் கிடக்க வேண்டும். அதன் ஏற்பு எல்லைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். உத்தரவு எதுவும் இல்லாதபோதும் 22 சதவீதம் இழுக்கிறதென்றால், அந்தச் சுரப்பியின் ஏதோ ஒரு பகுதி தானாகவே இயங்குகிறது என்று பொருள். அந்த அச்சிட்ட எல்லை டிஎஸ்எச் இயல்பாக இருப்பவர்களை வைத்துப் போடப்பட்டது என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

எந்தப் பகுதி என்பதைப் புரோப் சொல்லாது, படம் சொல்லும். டெக்னீசியம் படத்தில் வலப்பக்கக் கட்டி ஒன்றே தீப்பந்தம்போல் எரிய, இடது மடலும் வலது மடலின் மற்ற பகுதியும் இருண்டிருந்தால் அது நச்சுத்தன்மை கொண்ட ஒற்றைக் கட்டி. பல இடங்களில் திட்டுத்திட்டாக ஒளியும் நடுவே இருளும் கலந்திருந்தால் பல கட்டிகள் கொண்ட நச்சுக் கழலை; இதில் ஏற்பு எண் எல்லைக்குள்ளேயே நிற்பது மிகவும் சாதாரணம். எனவே கட்டி தட்டுப்படுபவருக்கு எண்ணை மட்டும் தரும் சோதனையை முதலில் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. படுத்திருக்கும்போதே விரலால் கட்டியைத் தடவி, அதன் விளிம்பில் ஒரு கதிரியக்கக் குறியை வைத்து இன்னொரு படம் எடுத்தால், ஒளிர்வது தட்டுப்படும் கட்டிதானா, அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறொன்றா என்பது தெளிவாகிவிடும். நடுக்கோட்டுக்கு இடப்புறம் செங்குத்தாக ஒரு கோடு தெரிந்தால், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கச் செய்து மறுபடி எடுக்க வேண்டும். உணவுக்குழாயில் இறங்கிய கதிரியக்க உமிழ்நீர் பலமுறை கட்டி வேடம் போட்டிருக்கிறது.

டெக்னீசியத்துக்கு இங்கே ஒரு வரம்பு உண்டு. இழுக்கும் திறனை மட்டும் தக்கவைத்து, பிணைக்கும் திறனை இழந்த சில கட்டிகள் டெக்னீசியத்தில் ஒளிரும், அயோடினில் இருண்டிருக்கும். அவற்றில் சில புற்றாக இருக்கலாம். சுற்றியுள்ள சுரப்பி முழுவதும் அடங்கி டிஎஸ்எச்-உம் அடித்தளத்தில் இருந்தால் இந்த ஐயம் பெரிதாக எழுவதில்லை, ஏனெனில் அந்தக் கட்டி உண்மையாகவே ஹார்மோன் தயாரிக்கிறது. ஆனால் டிஎஸ்எச் இயல்பாக இருக்கும் ஒருவரின் கட்டி டெக்னீசியத்தில் மட்டும் ஒளிர்வதைக் கொண்டு அது தீங்கற்றது என்று எழுதிவிடக் கூடாது. அல்ட்ராசவுண்டு எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்து ஊசி உறிஞ்சல் பரிசோதனை செய்ய வேண்டும். மிகைச் சுரப்பு உள்ளவரின் படத்தில் இருண்டு நிற்கும் கட்டிக்கும் இதுவே பொருந்தும்.

அயோடின் எண் தவிர்க்க முடியாத இடம்

இவ்வளவும் டெக்னீசியத்துக்குச் சாதகமாகத் தோன்றினாலும், சிகிச்சை அயோடின்-131-ஆல்தான் என்று முடிவாகிவிட்ட நாளில் நிலைமை மாறுகிறது. அப்போது கேள்வி "என்ன நோய்" என்பதல்ல. "கொடுக்கும் மருந்தில் எவ்வளவு சுரப்பியில் நிற்கும்" என்பது. டெக்னீசியம் பிணைக்கப்படுவதில்லை என்பதால் இதற்கு அது விடை தராது. நிலையான ஓர் அளவை எல்லோருக்கும் கொடுக்கும் மருத்துவமனைகளும் உண்டு. கணக்கிட்டுக் கொடுப்பவர்கள் 24 மணி நேர அப்டேக்கையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். கிரேவ்ஸ் நோயுள்ள ஒருவரின் சுரப்பி 40 கிராம், கிராமுக்கு 150 மைக்ரோகியூரி சேர வேண்டும், அப்டேக் 60 சதவீதம் என்றால், 40-ஐ 150-ஆல் பெருக்க 6,000, அதை 0.6-ஆல் வகுக்க 10,000 மைக்ரோகியூரி, அதாவது 10 மில்லிகியூரி. அதே சுரப்பியின் அப்டேக் 30 சதவீதமாக இருந்தால் 20 மில்லிகியூரி தேவைப்படும்.

4 மணி நேர எண்ணையும் சேர்த்து எடுப்பதன் பயன் இங்கேதான். சிலருக்கு 4 மணியில் 70 சதவீதமும் 24 மணியில் 50 சதவீதமும் வரும். சுரப்பி அயோடினை வேகமாக இழுத்து, வேகமாக ஹார்மோனாக்கி, வேகமாகவே வெளியேற்றிவிடுகிறது என்று இதற்குப் பொருள். 24 மணி எண் மட்டும் கையில் இருந்தால் இந்த ஓட்டம் தெரியாது. வழக்கமான அளவைக் கொடுத்து, அது சுரப்பியில் எதிர்பார்த்த நாட்கள் தங்காமல், ஆறு மாதம் கழித்து நோய் திரும்பவும் அப்படியே நிற்பதைப் பார்ப்போம்.